டிஷ்வாஷருக்குள் அரிசி கழுவிய தண்ணி: அடியில் நீர் நின்றால் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கும் ஒரு அக்கா சனிக்கிழமை காலை போன் செய்தார். "தம்பி, ராத்திரி மெஷினைப் போடவே இல்லை. காலையில கதவைத் திறந்தா அடியில தண்ணி நிக்குது. அதுவும் வெள்ளையா நிக்குது" என்றார். அதற்கு முந்தைய வாரம் ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது "வெள்ளையா" என்ற ஒரே சொல்தான். பம்ப் கெட்டால் உள்ளே வந்த தண்ணி வெளியே போகாது, சரி. ஆனால் ஓடாத மெஷினுக்குள் தண்ணி எப்படி வந்தது? முதல்நாள் ராத்திரி என்ன சமையல் என்று கேட்டேன். தோசைக்கு ஊறப்போட அரிசி கழுவினாராம், தண்ணியை சிங்க்கில் கொட்டினாராம். அந்தத் தண்ணிதான் மெஷினுக்குள் இருந்தது.

பம்ப்பை மாற்றுவதற்கு முன் நீங்களே வரிசையாகப் பார்க்க வேண்டியவற்றை, அந்த அக்கா வீட்டு வேலையை வைத்தே சொல்கிறேன். மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடுவதற்கு முன் தண்ணியைப் பாருங்கள்

கதவைத் திறந்ததும் துடைக்கப் போகாதீர்கள். அந்தத் தண்ணிதான் உங்களுக்குச் சாட்சி.

ஃபில்டரைக் கழற்றினால் மட்டுமே தெரிகிற அளவுக்குக் குழிக்குள் கொஞ்சம் தண்ணி இருந்தால் அது பழுதே இல்லை. ரப்பர் சீல் காய்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் நீர் அங்கே தங்கித்தான் இருக்கும். தட்டையான ஃபில்டருக்கு மேலே தண்ணி தேங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

எண்ணெய் மிதந்து, மஞ்சள் நிறத்தில், சோப்பும் உணவுத் துணுக்குமாக இருந்தால், மெஷின் கழுவிய தண்ணி வெளியேறாமல் நிற்கிறது என்று பொருள். கண்ணாடி மாதிரித் தெளிவாக, வாடையே இல்லாமல், மெஷின் ஓடாத நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால் அது குழாய்த் தண்ணி. உள்ளே தண்ணி விடும் வால்வு சரியாக மூடவில்லை. அப்படியானால் மெஷினுக்குப் போகும் குழாயை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், இந்த வழிகாட்டி அதற்கு உதவாது. சிங்க்கில் நீங்கள் கொட்டியது எதுவோ அதன் நிறமும் வாடையும் இருந்தால், சிங்க் தண்ணி ஹோஸ் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று, நடுவில் கரண்ட் போனதா என்று யோசித்துப் பாருங்கள். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த 2022, 2023இல் "தண்ணி நிற்கிறது" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பலருடைய மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. பாதிக் கழுவலில் கரண்ட் நின்று, திரும்ப வந்தபோது மெஷின் விட்ட இடத்தில் இருந்து தொடராமல் சும்மா நின்றிருக்கும். ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை ரத்து செய்து தண்ணியை வெளியே தள்ளும். எந்தப் பட்டன் என்பது மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு நிமிடத்தில் தண்ணி போய்விட்டால் வேலை முடிந்தது.

தண்ணியை அள்ளிவிட்டு ஃபில்டரை எடுங்கள்

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். பட்டனை அணைத்தால் போதாது. நம்முடைய பெரிய மூன்று உருண்டைக் கால் ப்ளக் பெரும்பாலும் சிங்க் கீழ் அலமாரிக்குள் இருக்கும். மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கைக்கு எட்டவில்லை என்றால் டிபி போர்டில் அந்த பிரேக்கரை இறக்குங்கள். இப்போதுதான் ஓடி நின்றது என்றால் அரைமணி ஆறட்டும், உள்ளே தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்கும்.

கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணியை ஒரு பிளாஸ்டிக் டம்ளரால் அள்ளுங்கள். கடைசியில் இருப்பதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் பெரிய சிரிஞ்ச் இருந்தால் குழிக்குள் இருப்பதை உறிஞ்ச அதைவிட நல்ல கருவி இல்லை. அள்ளுவது எத்தனை டம்ளர் என்று எண்ணிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அக்கா வீட்டில் சுமார் இரண்டு லிட்டர் வந்தது.

ஃபில்டர் இரண்டு மூன்று பாகமாக இருக்கும். நடுவில் நிற்கும் உருளையை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பித் தூக்கினால் வந்துவிடும். அதற்குக் கீழே தட்டையான வலை ஒன்று இருக்கும், அதையும் எடுங்கள். உருளைக்குள்ளேயே இன்னொரு சின்ன உருளை இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

மெஷினோடு வரும் புத்தகத்தில் "உணவுத் துணுக்குகளை அகற்றவும்" என்று ஒரு வரிதான் இருக்கும். நம் வீட்டு ஃபில்டரில் என்ன இருக்கும் என்பது அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தெரியாது. கறிவேப்பிலை நடு நரம்பு கரையவே கரையாது, ஊசி மாதிரி வலைக் கண்ணுக்குள் குத்திக்கொண்டு நிற்கும். கடுகு சரியாக வலை ஓட்டைக்குள் உட்காரும். புளி நாரும் தேங்காய்த் துருவலும் அதன்மேல் படியும். வெந்த பருப்பு இவை எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடும். மேலே ஆட்டுக்கொழுப்பு ஒரு படலம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வலை வழியாக ஜன்னல் தெரியவில்லை என்றால் தண்ணியும் போகாது.

குழாயடியில் பிடித்தால் மட்டும் இது போகாது. ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் ஊறப்போடுங்கள். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால், வலையின் உட்புறத்தில் இருந்து வெளிப்புறமாகத் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். வலை கிழிந்துவிட்டால் அடுத்த முறை கடுகு நேராகப் பம்ப்புக்குப் போகும். திரும்பப் போடும்முன் அந்த சோப்பை நன்றாக அலசிவிடுங்கள். கையால் பாத்திரம் கழுவும் சோப் மெஷினுக்குள் போனால் நுரை பொங்கும், பம்ப் தண்ணிக்குப் பதிலாக நுரையைப் பிடித்துக்கொண்டு திணறும். ஃபில்டரைப் போட்டதும் வலப்பக்கம் திருப்பி, பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள்.

குழிக்குள் கை விடுங்கள், ஆனால் மெதுவாக

ஃபில்டர் இல்லாத நிலையில் கீழே ஒரு குழி தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த டம்ளர் துண்டு அங்கேதான் கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை ஒரு ஸ்பூன் காம்பால் நெம்பி எடுக்கலாம், சில மெஷின்களில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியிருக்கும். மூடிக்குப் பின்னால் இருப்பதுதான் தண்ணியை வெளியே தள்ளும் பம்ப்பின் விசிறி.

ஒரு மரக்குச்சியால் அந்த விசிறியைச் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, விட்டு விட்டு, துள்ளித் துள்ளித்தான் சுற்றும். பலர் இதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் காந்தம்தான் அப்படிப் பிடித்துப் பிடித்து விடுகிறது, அது சரியான அறிகுறி. ஒரு இடத்துக்கு மேல் சுற்றவே மாட்டேன் என்றால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. பல்குத்தி, கண்ணாடித் துண்டு, புதுப் பாத்திரத்தில் இருந்து உரிந்த ஸ்டிக்கர், எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். எடுத்த பிறகு மூடியை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஓடும், தண்ணி போகாது. பாஷ், சீமன்ஸ் மெஷின்களில் பம்ப் அடைத்திருந்தாலோ மூடி சரியாக உட்காராவிட்டாலோ திரையில் `E25` வரும். தண்ணி வெளியேறவில்லை என்றால் `E24`. எல்ஜியில் அதே வெளியேற்றக் கோளாறுக்கு `OE`.

அக்கா வீட்டில் ஃபில்டர் மோசமாகத்தான் இருந்தது. சுத்தம் செய்தோம். விசிறி நன்றாகவே துள்ளியது. அத்தோடு மெஷினை ஓடவிட்டிருந்தால் தண்ணி ஒழுங்காக வெளியேறியிருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் கிளம்பியிருப்பேன். மறுநாள் காலை மறுபடி வெள்ளைத் தண்ணி நின்றிருக்கும்.

நல்ல லூப்பும் கெட்ட லூப்பும்

சிங்க் கீழ் அலமாரியைத் திறந்து டார்ச் அடியுங்கள். மெஷினில் இருந்து வரும் சாம்பல் நிற, வரி வரியான ஹோஸ் எந்த வழியாக வருகிறது, எங்கே சேர்கிறது என்று விரல் வைத்துத் தொடருங்கள். பெரும்பாலும் சிங்க்கின் வாய்க்குக் கீழே, வளைந்த ட்ராப்புக்குச் சற்று மேலே, ஒரு சின்ன மூக்குக் குழாயில் மாட்டி கிளிப் போட்டிருக்கும்.

அந்த ஹோஸ் மூக்குக்குப் போவதற்கு முன் ஒருமுறை மேலே ஏறி, கவுண்டர் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டு, அப்புறம் இறங்கி வர வேண்டும். இதுதான் நல்ல லூப். இது ஏன் வேண்டும் என்றால், சிங்க்கின் வெளிப்போக்குப் பாதி அடைத்திருக்கும்போது, கொட்டிய தண்ணி கீழே போக நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் தண்ணி மூக்கின் உயரத்துக்கு ஏறி நிற்கும். மூக்கில் இருந்து ஹோஸ் நேராகத் தரைக்கு இறங்கினால், மெஷினின் அடிப்பகுதி அதைவிடத் தாழ்வாக இருப்பதால், தண்ணி அங்கேயே ஓடிவிடும். நடுவில் ஒரு மேடு இருந்தால் தண்ணி அந்த மேட்டைத் தாண்டாது. வயல் வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன் புதுக் கவுண்டர் போட்டிருந்தார்கள். பழைய அலமாரியில் ஹோஸ் மேலே கிளிப் போட்டு நின்றிருக்கிறது. புது அலமாரி வைத்தவர்கள் அடியில் ஒரு ஓட்டை போட்டு, ஹோஸைத் தரையோடு தரையாக இழுத்து, நேராக மூக்கில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தரையில் இருந்து மூக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. வரப்பே இல்லாத வயல்.

கெட்ட லூப் வேறு. ஹோஸ் மிச்சமாக இருக்கிறது என்று மெஷினுக்குப் பின்னால் தரையில் சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சுருளுக்குள் எப்போதும் தண்ணி தங்கும், கொழுப்பு படியும், வாடை வரும், பம்ப்பும் வீணாகத் தள்ள வேண்டியிருக்கும். இன்னொன்று, மெஷினை உள்ளே தள்ளும்போது ஹோஸ் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கி மடிவது. மெஷினை வெளியே இழுத்துப் பார்த்தால் மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அப்படி ஒருமுறை மடிந்த ஹோஸ் அதே இடத்தில் மறுபடி மடியும். நிமிர்த்திவிட்டு நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சரி, எவ்வளவு உயரம்? லூப்பின் உச்சி தரையில் இருந்து 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 1 மீட்டர் அளவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உங்கள் மெஷின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சமையலறைக் கவுண்டர் 90 செ.மீ. வாக்கில் இருப்பதால், பலகையின் அடியில் கட்டினாலே சரியாக வந்துவிடும். இன்னும் உயர்த்தினால் நல்லதுதானே என்று ஜன்னல் வரை ஏற்றாதீர்கள். அந்தச் சின்ன பம்ப்பால் அவ்வளவு உயரம் தள்ள முடியாது, தண்ணி பாதியில் நின்று திரும்பிவிடும். நீளம் போதாமல் ஒட்டுப் போட்டாலும் அதே கதிதான்.

கட்டுவதற்கு ஒரு ஸ்க்ரூவும் அகலமான பிளாஸ்டிக் பட்டியும் போதும். பட்டியை ஹோஸ் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். உச்சியில் வளைவு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக இருக்கட்டும், கூர்மையாக மடியக் கூடாது.

மூக்குக்குள்ளும் அதற்கு அப்பாலும்

லூப் போட்டால் தண்ணி திரும்பி வருவது நிற்கும். ஆனால் தண்ணி மூக்கு வரைக்கும் ஏன் ஏறியது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கெட்டை அடியில் வைத்து, கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை மூக்கில் இருந்து கழற்றுங்கள். மூக்குக்குள் ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள். பழைய இணைப்பு என்றால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி இருக்கும். புது சிங்க் என்றால் இன்னொரு வேடிக்கை நடக்கும். மூக்கின் வாயைக் கம்பெனியிலேயே மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி அனுப்புவார்கள், மெஷின் மாட்டுகிறவர் அதைக் குடைந்து திறக்க வேண்டும். திறக்காமல் ஹோஸை மாட்டிவிட்டால் முதல் நாளில் இருந்தே தண்ணி வெளியேறாது. புது வீட்டில், புது மெஷினில் தண்ணி நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். அக்கா வீட்டு ட்ராப்பில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஆட்டுக்கொழுப்பு முக்கால்வாசி அடைத்திருந்தது. முந்தைய மாதம் வீட்டில் விசேஷம், பெரிய பானையில் பிரியாணி. சூடாகக் கொட்டிய எண்ணெய் குழாய்க்குள் போய் ஆறி உறைந்துவிட்டது. ட்ராப் சுத்தமாக இருந்தும் சிங்க் மெதுவாக வடிகிறது என்றால், வீட்டுக்கு வெளியே சுவரோரம் கம்பி மூடி போட்ட வடிகால் குழியான கல்லியைப் பாருங்கள். இங்கே பல வீடுகளில் சமையலறைத் தண்ணி அங்கேதான் விழும், சோறும் இலையும் அந்தக் கம்பியிலேயே தங்கிவிடும்.

அடைப்பு எடுக்கும் காரப் பொடியை மெஷினுக்குள் போடவே போடாதீர்கள், ரப்பரையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். சிங்க்கில் போடுவதாக இருந்தாலும் ஹோஸைக் கழற்றி மூக்கை அடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஹோஸ் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே பம்ப்பைச் சோதித்துவிடலாம். ஒரு பக்கெட்டை சிங்க்குக்குள் வைத்து, ஹோஸ் முனையை அதில் விட்டு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மெஷினுக்குள் மூன்று லிட்டர் தண்ணி ஊற்றி, ப்ளக்கை மாட்டி, ஸ்டார்ட்டை அழுத்திப் பிடித்து வெளியேற்றச் சொல்லுங்கள். பக்கெட்டைத் தரையில் வைத்துச் செய்யாதீர்கள். தாழ்வான இடத்துக்கு ஏறக்குறையச் செத்த பம்ப்கூடத் தள்ளிவிடும், பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடும். சிங்க் உயரத்துக்கு அரை நிமிடத்துக்குள் தண்ணி வேகமாக வந்து விழுந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, ஹோஸும் அடைக்கவில்லை, கோளாறு மூக்குக்கு அந்தப் பக்கம்தான். அக்கா வீட்டில் தண்ணி பக்கெட்டை அடித்து வெளியே தெறித்தது. மாற்றச் சொன்ன பம்ப் அது.

உம்ம்ம் என்று சத்தம் மட்டும் வந்து தண்ணி வரவில்லை என்றால் விசிறி உடைந்திருக்கலாம், அல்லது ஹோஸுக்குள் அடைப்பு. ஹோஸை இரண்டு முனையும் கழற்றி, குளியலறைக் குழாயில் வைத்துத் தண்ணி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தமே இல்லை, விசிறியும் கையால் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பம்ப்புக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பம்ப் எரிந்துவிட்டது. அப்போதுதான் மெக்கானிக். கதவைத் திறந்தாலும் நிறுத்தாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அது வேறு சங்கதி: மெஷினின் அடித்தட்டில் தண்ணி கசிந்து அங்கே இருக்கும் மிதவை தூக்கியிருக்கிறது. குழாயை மூடிவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

ஒரு கேள்வி பாக்கி. தண்ணி திரும்பி வராமல் தடுக்க மெஷினிலேயே ஒரு சின்ன ரப்பர் கதவு இருக்க வேண்டுமே, அது என்ன செய்தது? சில மெஷின்களில் அது பம்ப் ஓரத்திலேயே இருக்கும், சிலவற்றில் ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில் இருக்கும். அக்கா மெஷினில் இரண்டாவது வகை. மெஷினை வெளியே இழுத்து ஹோஸைக் கழற்றினால், அந்த ரப்பருக்கும் அதன் விளிம்புக்கும் நடுவே ஒரு கறிவேப்பிலை நரம்பு படுத்திருந்தது. எத்தனை வருடமாகவோ தெரியாது. மேலே லூப் இருந்தவரை அந்தக் கதவு திறந்தே கிடந்தது யாருக்கும் தெரியவில்லை, லூப் போனதும் தெரிந்துவிட்டது. விரலால் நரம்பை எடுத்து, ரப்பரைத் துடைத்து, ஹோஸை மாட்டினேன்.

அரிசித் தண்ணியை வைத்தே சோதனை

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு குழிக்குள் இருக்கும் தண்ணியை ஒற்றி எடுத்து, மெஷின் அடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். சிங்க்கை அடைப்பானால் அடைத்து, பாதி அளவு தண்ணி நிரப்புங்கள். நிறம் தெரிய அரிசி கழுவிய தண்ணியோ ஒரு கரண்டிப் பாலோ சேருங்கள். மஞ்சள் தூள் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கறை ஏறினால் போகாது. அடைப்பானைச் சட்டென்று பிடுங்கி மொத்தத் தண்ணியையும் ஒரே அடியாக விடுங்கள். அது முழுவதும் வடிந்ததும் மெஷின் கதவைத் திறந்து, குழிக்குள் டார்ச் அடியுங்கள். கூடவே அலமாரிக்குள்ளும் கை வைத்துப் பாருங்கள், ட்ராப் மூட்டிலும் கிளிப்பிலும் ஈரம் இருந்தால் இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும்.

அக்கா அன்று வேண்டுமென்றே இரண்டு கப் அரிசி கழுவி ஊறப்போட்டார். தண்ணியை நானே கொட்டினேன். சிங்க் கடகடவென்று வடிந்தது. குழியில் துடைத்த ஈரம் மட்டும்தான் இருந்தது. ட்ராப் மூட்டில் ஒரே ஒரு சொட்டு வெள்ளையாக நின்றது, அதை இறுக்கிவிட்டு வந்தேன்.